எந்தத் தேதி வரை மெஸ் அவுட்

ஆரணியில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மெஸ் கணக்கு எழுதுவது என் வேலை. எனக்குக் கோபம் வரும் என்பது விடுதிக்கே தெரியும். மாதக் கடைசியில் பில்லை ஒட்டியதும் நாலு பேராவது சண்டைக்கு வருவார்கள். "ரெண்டு நாள் ஊருக்குப் போனேனே மேடம், ஏன் கழிக்கலை?" சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

எங்களுடையது பங்கு முறை. அன்றாடம் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்த அரிசி, பருப்பு, எண்ணெய், வெளியே வாங்கிய காய்கறி, பால் எல்லாவற்றையும் செலவுத் தாளில் ஏற்றுவேன். மாத முடிவில் அதோடு கேஸும் சமையல் கூலியும் சேரும். இன்னொரு பக்கம் ஒவ்வொரு நாளும் எத்தனை பேர் என்ற வருகை. மொத்தச் செலவை எல்லாருடைய வருகை நாட்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு நாள் ரேட் வந்துவிடும். அதை அவரவர் நாட்களால் பெருக்கினால் அவரவர் பில். ஒருத்தி நாட்களைச் சும்மா குறைத்தால் மற்றவர்கள் தலையில் ஏறும். அதனால்தான் மெஸ் அவுட் சீட்டு, இன்ன நாட்களுக்குச் சாப்பாடு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது. முந்தின நாள் மாலை ஆறு மணிக்குள் கொடுக்க வேண்டும், குறைந்தது மூன்று நாளாவது தொடர்ந்து இருக்க வேண்டும். ஆறு மணிக்குத்தான் மறுநாள் சமையலுக்குச் சாமான் அளந்து போகும். சீட்டு கொடுக்காதவள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணக்கில் இருக்கிறாள்.

கடைசி வருடம் படித்த ஒரு பெண். திருமலைப் பக்கம் ஊர், அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மெஸ் பாக்கி வைத்தால் ஹால் டிக்கெட் கிடையாது, அவளுக்கோ ஏற்கெனவே இரண்டு மாதம் நின்றிருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டனிடம் அனுமதி வாங்கி, வகுப்பு முடிந்ததும் பஸ் ஏறி, கண்ணமங்கலம் வழியாகப் போய், அம்மாவைப் பார்த்துவிட்டு ராத்திரி திரும்புவாள். மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தட்டைப் பார்த்தே பல நாளாயிற்று.

ஆளைப் பிடித்து உட்கார வைத்துத் திட்டினேன். "ஏம்மா, மதியமும் சாப்பிடறதில்ல, ராத்திரியும் நேரம் கழிச்சு வர. எதுக்கு முழு மாசத்துக்கும் கட்டற? வார்டன்கிட்ட நான் சொல்றேன், மெஸ் அவுட் குடு. பில்லு பாதியா கொறையும். பரீட்சை எழுத வேணாமா நீ?"

"வேணாம் மேடம், பேரு இருக்கட்டும்" என்றாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் நன்மைக்குச் சொன்னால் பிடிவாதம் பிடிக்கிறாளே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் தினமும் மெஸ் பக்கம் அவளைக் கண்டால் நச்சரிப்பதை விடவில்லை. "ஆறு மணிக்குள்ள, ஞாபகம் இருக்கட்டும்."

விஷயத்தை எனக்குச் சொன்னது மெஸ் கமிட்டிப் பெண். மாதம் இரண்டு பெண்கள் கமிட்டியில் இருப்பார்கள். சமையலுக்குப் போகும் சாமானைப் பக்கத்தில் நின்று பார்த்து, செலவுத் தாளில் கையெழுத்துப் போடுவது அவர்கள் பொறுப்பு. தங்கள் மாதத்தில் ரேட் குறைய வேண்டும் என்பதில் அவர்களுக்குள் பெரிய போட்டி. அதில் ஒருத்தி விறைப்பாக வந்து நின்றாள். "மேடம், சமையல் அக்கா தெனம் ஒரு டப்பா கட்டிக் குடுக்கறாங்க. மெஸ்ஸ விட்டு வெளிய போனா கெஸ்ட் சாப்பாடுதானே? தனியா சார்ஜ் போடணும்ல?"

அடுப்படிக்குப் போனேன். மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவோடு அந்தப் பெண் நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

"என் சாப்பாட்டத்தான் மேடம் எடுத்துகினு போறேன். மதியம் நான் துன்றதில்ல. ஆஸ்பத்திரில அம்மாக்கு குடுக்கறாங்க, கூட இருக்கற அப்பாக்கு குடுக்க மாட்டாங்க. வேலைக்கும் போவாம அங்கியே குந்திகினு இருக்காரு. மெஸ் அவுட் போட்டுட்டா அவருக்கு இன்னா எடுத்துகினு போவேன்?"

கமிட்டிப் பெண் என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், அந்த அப்பாவுக்கும் ஒரு சாப்பாடு போடலாமா என்று எல்லாரிடமும் கேட்டாள். மறுநாளிலிருந்து அப்பாவின் டப்பாவுக்கு ஒரு சாப்பாடு, அவள் தட்டுக்கு ஒரு சாப்பாடு. கெஸ்ட் சார்ஜ் போடவில்லை. செலவு பொதுவில் ஏறியது, ரேட் சில பைசா கூடும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார்கள். வழக்கமாக என் மேசையைத் தட்டிச் சண்டை போடும் ஒருத்திகூட அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

சமையல் அக்கா டப்பாவில் சோற்றை அழுத்தி அழுத்தி வைப்பாள். "மாசக் கடைசிக்குள்ள அம்மா வூட்டுக்கு வந்துடுவாங்களாம், டாக்டரு சொன்னாராம்" என்று ஒரு நாள் அந்தப் பெண் சிரித்தாள். நான் பார்த்த அவள் சிரிப்பு அது ஒன்றுதான்.

ஒரு நாள் காலையிலேயே அப்பாவிடமிருந்து போன் வந்து கிளம்பிவிட்டாள். டப்பா அடுப்படி அலமாரியிலேயே இருந்தது. மாலை சாமான் அளக்கத் தயாராகிக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறு ஆகவில்லை. போன் அடித்தது.

"மேடம், நாளையிலருந்து எனக்கு மெஸ் அவுட் போட்டுடுங்க."

அவள் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், இனி டப்பா வேண்டாம் என்று நினைத்தேன். "அம்மா எப்டி இருக்காங்க?" என்றேன்.

"இல்ல மேடம்" என்றாள். பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்டது. "ஆறு மணிக்குள்ள சொல்லணும்னீங்களே. அதான்."

அம்மா செத்துப்போன இடத்தில் நின்றுகொண்டு அந்தப் பெண் என் ஆறு மணியை ஞாபகம் வைத்திருந்தாள். பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது. "எந்தத் தேதி வரைக்கும்மா?"

"தெரில மேடம். அப்பாக்கும் தம்பிக்கும் ஆக்கிப் போட யாருமில்ல."

தேதி போடாமலே பதிவு செய்தேன். எங்கள் கம்ப்யூட்டர் தாளில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பும் தேதி காலியாக இருந்தால் மூன்று நாள் கழித்து, நாலாம் நாள் அதுவே ஆளை வருகையில் சேர்த்துவிடும். எனக்கே அது மறந்துபோயிற்று. நாலாம் நாள் எண்ணிக்கை ஒன்று கூடுதலாகக் காட்டியது. சமையல் அக்கா அதைப் பார்த்து, "அந்தப் பொண்ணு வந்துடுச்சா?" என்று ஓடிப்போய் டப்பாவைக் கழுவி வைத்தாள். இல்லை என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. சொன்னேன். திரும்ப வந்து மாதக் கடைசித் தேதியைப் போட்டேன். அடுத்த மாதமும் அதையே போட்டேன்.

பரீட்சைக்காவது வா என்று எத்தனையோ முறை போன் செய்தேன். கமிட்டிப் பெண்கள் பழைய பாக்கியைத் தங்களுக்குள் போட்டுக் கட்டினார்கள், ஹால் டிக்கெட் தயாராக இருந்தது. "வர்றேன் மேடம்" என்பாள். வரவில்லை. தம்பிக்கு ஸ்கூல், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இவளே வேலைக்குப் போகிறாள் என்று கூடப் படித்த பெண் சொன்னாள்.

அம்மா போன மாதத்தின் பில்லை நான்தான் போட்டேன். அவள் இருந்த நாட்களை ரேட்டால் பெருக்கினேன். மூன்று வருடத்தில் அவளுக்கு வந்த பில்களிலேயே அதுதான் மிகவும் குறைவு. அப்படிக் குறைய வேண்டும் என்றுதான் அவளை அவ்வளவு நாள் நச்சரித்துக்கொண்டிருந்தேன்.