மூன்றாவது பெர்த்

குன்னூரில் வர்க்கி செய்யும் பேக்கரியில் பேக்கிங் வேலை பார்த்தபோது, நானும் கூட வேலை செய்த ஒருத்தியும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பாயை விரித்தால் கதவைத் திறக்க முடியாது. இதில் என் தங்கைக்கும் அதே பேக்கரியில் வேலை கிடைத்துவிட்டது. "அவளுக்குன்னு தனியா ஒரு படுக்கை இருந்தா அனுப்பறேன், இந்தக் குளிர்ல தரையில படுக்க வைக்க மாட்டேன்" என்று கோபியிலிருந்து அப்பா போனில் கறாராகச் சொல்லிவிட்டார். வேலையும் வேண்டும், தங்கையும் வேண்டும், இடம்தான் இல்லை.

ரயிலில் மூன்று பேர் ஒரே சுவரோரம் படுத்து வருகிறார்கள், இங்கே முடியாதா என்று யோசித்து ஒரு பழைய காலண்டரின் பின்பக்கம் படம் போட்டேன். மரவேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் காட்டினேன். அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் செய்து கொடுத்தார்.

"இது மண்ணுச் செவுருங்க. மூணு பேரு கனத்துக்கு போல்ட்டு நிக்காது, பேத்துட்டு வந்துரும்" என்று சொல்லி, தரையிலிருந்து கூரை உத்தரம் வரை கனமான மரக்கால்களை நிறுத்தி, மேலே உத்தரத்தோடு முடுக்கினார். அவற்றில் கீல் வைத்து மூன்று பலகைப் படுக்கைகள். இறக்கினால் சங்கிலி தாங்கும், தூக்கிச் சாத்திக் கொக்கி போட்டால் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோரம் ஒட்டிக்கொள்ளும். கீழ்ப்படுக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பலகை. படுக்கையைத் தூக்கியபின் அதை இறக்கினால் சாப்பாட்டு மேசை. சுவருக்கும் மரத்துக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டார். மழைக்காலத்தில் காற்று போகாவிட்டால் மெத்தை பூசணம் பூத்துவிடுமாம்.

வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார். எல்லாவற்றையும் தூக்கிச் சாத்தி, அறையின் நடுவில் கையை விரித்துச் சுற்றிக் காட்டினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

"அடேங்கப்பா! ஊடு ரெண்டு மடங்கு ஆயிப்போச்சே கண்ணு" என்றார். மேல் படுக்கையை இறக்கச் சொல்லி, மறுபடி ஏற்றச் சொல்லிப் பார்த்தார். அது தங்கைக்கு என்று சொன்னேன். தலையாட்டினார்.

தங்கை வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தோம். கதவு திறந்திருந்தது. மேல் படுக்கை இறங்கியிருந்தது. தங்கைக்காக நான் வாங்கி வைத்திருந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு யாரோ ஒருத்தி படுத்திருந்தாள்.

"யாருங்க நீங்க?"

அவள் பதறி எழுந்தாள். என் தங்கை வயதுதான் இருக்கும்.

"ஓட்டல்ல வேலைக்கு வந்திருக்கேங்க. மேல் பெர்த்து எனக்குன்னு சொல்லி ஊட்டுக்காரம்மா சாவி குடுத்தாங்க."

செருப்பைக்கூடப் போடாமல் கீழே இருந்த வீட்டுக்காரம்மா வீட்டுக்கு ஓடினேன். அவர் நிதானமாகப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மூணு படுக்கை, ரெண்டு ஆளு. சும்மாதான கெடக்குது?"

"என்ற தங்கச்சிக்குன்னு சொன்னேனுங்களே! எங்க காசுல செஞ்சதுங்க அது. உங்க செவுத்துல ஒரு ஆணிகூட அடிக்கலைங்க!"

"செவுத்துல அடிக்கல, சரி. கால் நிக்கிற தரை யாருது கண்ணு? மேல முடுக்குன உத்தரம் யாருது?"

இப்படியும் ஒரு மனுஷி பேசுவாளா என்று நினைத்தபடி அறைக்குத் திரும்பினேன். அந்தப் பெண்ணைத் துரத்தவும் மனம் வரவில்லை. அவளுக்கும் அந்த ஊரில் வேறு போக்கிடம் இல்லை.

மறுநாள் அப்பா தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். அறையைப் பார்த்தார். மூன்று படுக்கையும் இறங்கியிருந்தன, நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்தோம். கையிலிருந்த பையை அவர் கீழே வைக்கவில்லை.

"இவ எங்க படுப்பா?"

"என்ற படுக்கையில படுக்கட்டுங்கப்பா. நான் கீழ படுத்துக்கறேன்."

"உனக்கு மட்டும் குளுராதா?"

புதிதாக வந்தவள் சட்டென்று தன் படுக்கையையும் நடுப்படுக்கையையும் தூக்கிக் கொக்கி மாட்டினாள். "நீங்க உக்காருங்க ஐயா" என்றாள். அப்பா உட்காரவில்லை. இன்னும் ஒரு படுக்கை போட இடம் இருக்கிறதா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். இன்னொரு சுவரில் கதவு, அடுத்ததில் ஜன்னல், மிச்சத்தில் அடுப்பு.

தங்கை அதற்குள் கீழ்ப்படுக்கையையும் தூக்கிச் சாத்தி, மேசைப்பலகையை இறக்கி, ஏற்றி, "நல்லாருக்குதுக்கா" என்றாள்.

அடுத்த பஸ்ஸிலேயே அப்பா அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.