சட்னி போதுமா?

"சட்னி போதுமா?" என்றுதான் கேட்டேன். பதினொன்றாவது படிக்கும் மகள் தட்டைத் தள்ளிவிட்டு, "இன்னாத்துக்கும்மா காலையிலயே கத்துற?" என்று அழுதாள். நான் அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் அவளை இழுத்துப் போனேன். "திமிர், டாக்டர்" என்றேன். அவரோ அவளுடைய தூக்கத்தைப் பற்றித்தான் விசாரித்தார். ராத்திரி படிப்பு, போன். விடியும் முன்னே டியூஷன்.

"தூக்கம் கெட்டா, மூளையில பயமும் கோபமும் கிளம்புற இடம் சின்ன விஷயத்துக்கே துள்ளும். அதை அடக்குற இடம் அசந்துடும். யாராவது சும்மா பார்த்தாகூட முறைக்கிற மாதிரி தெரியும்."

"அதுக்காக தட்டைத் தள்ளுவாளா?" என்று அவரிடமே சீறினேன்.

"நீங்க நல்லா தூங்குறீங்களாம்மா?"

மகள் முந்திக்கொண்டு சொன்னாள்: "என்னை எழுப்பணும்னு அம்மாவும் தூங்குறதில்ல, டாக்டர்."