ஒப்படைத்த ஒன்பது மெஷின்கள்

தையல்கூடம் நடத்திய அந்த அம்மாளுக்குக் ‘கட்டிங் அக்கா’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கணவர் போனபின் ஒற்றை மெஷினோடு தொடங்கி, பள்ளிச் சீருடை ஆர்டர்களைப் பிடித்து, ஒன்பது மோட்டார் மெஷின் வரை கொண்டுவந்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடித் தொட்டிக் குழாய் வெடித்து, மறுநாள் காலை கூடம் திறக்கும்வரை மெஷின்கள் மேல் தண்ணீர் கொட்டியது. அக்கா தகவல் சொல்ல, மூன்றாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம் வந்தது. சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை எதையும் விற்கவோ, பழுதுபார்க்கவோ கூடாது. இழப்பீடு தந்தபின் சேதமான பொருட்களைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். அக்கா ஈரத்தைத் துடைத்து, மின்விசிறி போட்டு உலர்த்தி, கூடத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

சர்வேயர் வந்தபோது அக்கா, தான் ‘தம்பி’ என்று கூப்பிடும் மெக்கானிக்கையும் வரச் சொன்னார். ஏழு வருடமாக அந்த மெஷின்களைப் பார்த்தவன். அவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தது அக்காதான்.

மோட்டார்களைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “எல்லா மோட்டார்லயும் காயில் கம்பி போச்சு சார். ஒண்ணும் தேறாது.” அதையே எழுதியும் கொடுத்தான்.

“பழசை நீங்களே வெச்சுக்கறீங்களாம்மா? அதோட மதிப்பைக் கழிச்சுட்டு மீதியைத் தருவாங்க,” என்றார் சர்வேயர்.

அக்கா தம்பியைப் பார்த்தார்.

“வேணாம்க்கா, எடைக்குப் போடற இரும்பு. அவங்களே எடுத்துக்கட்டும்.”

இழப்பீடு வந்தது. கம்பெனி அந்த மெஷின்களை ஒரு பழைய பொருள் வியாபாரிக்கு விற்று, உத்தரவுக் கடிதத்தோடு அவன் வேனை அனுப்பியது. பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஒப்படைத்து, அக்கா கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, கூடத்தில் காஜா எடுக்கும் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நம்ம தம்பி புதுசாத் தையல்கூடம் வெச்சிருக்கான்க்கா. நம்ம மெஷின் மாதிரியே இருக்கு.”

அக்கா போய்ப் பார்த்தார். மாதிரி இல்லை, அதே மெஷின்கள். ஒன்பதும் ஓடிக்கொண்டிருந்தன.

“தப்பு ஒண்ணும் இல்லக்கா,” என்று அவன் முந்திக்கொண்டான். “கம்பெனி வித்துச்சு, வியாபாரி வாங்கினான், அவன்கிட்ட நான் வாங்கினேன்.”

“காயில் எத்தனை மாத்தின?”

அவன் தரையைப் பார்த்தான். “ரெண்டு.”

“மீதி ஏழு நல்லா இருந்துச்சுன்னு அன்னிக்கே உனக்குத் தெரியும். இல்லையா?”



மறுநாளே நடந்ததை எழுதிக் கம்பெனியில் கொடுத்தார். “உங்க இழப்பீட்டுக் கிளைமையே கிளறுவாங்கக்கா,” என்று கூடத்துப் பெண்கள் பயந்தார்கள். அப்படியேதான் ஆனது. விசாரணைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்த அதிகாரி, மெக்கானிக்கின் அறிக்கையைப் புரட்டியபடி கேட்டார்:

“ஏழு வருஷப் பழக்கம்கிறீங்க. இதுல உங்களுக்கும் பங்கு உண்டாம்மா?”

சொந்தத் தம்பி மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவர் அக்காதானே.

“இல்ல சார்,” என்றார். “நான் அவனை நம்பினேன். அவ்வளவுதான்.”

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார்.