தோன்றா எழுவாய்

குத்துக்கல்வலசைத் தலைமைக் காவலர் பரமேஸ்வரனின் மகள் செண்பகவல்லியைக் கல்லூரிச் சொற்போர் அணியில் சேர்த்ததற்கு அவளுடைய பேச்சுத் திறமை காரணமன்று. அவள் சுமாராகத்தான் பேசுவாள். ஆனால் எதிரணியினர் பேசும்போது இருந்த இடத்திலிருந்தே ஒரு சொல்லை எறிவாள். பேசுபவர் அசந்து போவார், அரங்கம் குலுங்கும். சொற்போரில் இதற்குக் குறுக்குச்சொல் என்று பெயர். எதிரணியினர் எறியலாம். ஆனால் அது ஒரு தொடருக்கு மேல் நீளக் கூடாது. பேச்சின் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் வரக் கூடாது. வாதத்தைத்தான் தாக்க வேண்டும், ஆளைத் தொடக் கூடாது. ஆளைத் தொட்டால் அணியே போட்டியிலிருந்து விலக்கப்படும்.

வீட்டில் அவளுடைய அம்மா இராமலட்சுமி, "இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்" என்பார். கல்லூரியில் அதே வாய்க்கு மாலை போட்டார்கள்.

சென்ற ஆடி மாதம் குற்றாலத்தில் நடந்த மாவட்டக் கல்லூரிகளின் சொற்போருக்கு அவளுடைய அணியினர் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்கள். சீசன் கூட்டத்தில் பேருந்து ஊர்ந்துதான் வந்தது. அரங்கத்துக்குள் நுழையும்போதே ஒட்டிப் பேசும் அணியின் முதல் பேச்சாளர் உயரமான மேடைப் பலகைக்குப் பின்னால் நின்று தொடங்கியிருந்தார். பெயர் அய்யாக்குட்டி, ராயகிரிக்காரர். தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. தலைப்பு, குற்றாலத்துக்கு வரும் கூட்டத்துக்கு வரம்பு வைக்க வேண்டுமா என்பது. செண்பகவல்லி வெட்டிப் பேசும் அணி. அவருக்கு அடுத்து அவள்தான் பேச வேண்டும்.

"என் வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று தண்ணீரின் தூய்மை, மற்றொன்று வியாபாரிகளின் பிழைப்பு" என்றார் அய்யாக்குட்டி. பிறகு தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டு போனார். சோப்பு, ஷாம்பு, எண்ணெய், பிளாஸ்டிக் என்று அடுக்கினார். நேரம் ஓடியது. வியாபாரிகள் வரவேயில்லை.

செண்பகவல்லிக்கு நாக்கு துறுதுறுத்தது. நல்ல இடைவெளி ஒன்று பார்த்து எறிந்தாள்.

"ஒத்தக் காலுதான் தெரியுது!"

அரங்கம் வெடித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று சரியில்லை என்று அவளுக்கே பட்டது. பின்வரிசைகளில் மேசையைத் தட்டினார்கள். முன்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அய்யாக்குட்டி ஒரு கணம் நிறுத்தினார்.

"மற்ற காலையும் காட்டுகிறேன்" என்றார் நிதானமாக. "ஒரே மாதத்தில் குவியும் கூட்டத்தை வரம்பு வைத்து ஆண்டு முழுவதும் பரப்பினால், கடைக்காரருக்கு ஆண்டு முழுவதும் அடுப்பு எரியும்."

கைதட்டல் எழுந்தது. மேலும் சில நிமிடங்கள் பேசி முடித்துவிட்டுப் பலகைக்கு உட்புறம் சாய்த்து வைத்திருந்த ஊன்றுகோலை எடுத்து அக்குளில் கொடுத்தார். இடது கால்சட்டை முழங்காலுக்குக் கீழே மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. ஊன்றி, நின்று, ஊன்றி அவர் இறங்கி வர, செண்பகவல்லிக்கு அந்தச் சிரிப்பு விளங்கியது.

பக்கத்தில் இருந்த அணித்தலைவன் குமரகுரு குனிந்து, "ஏட்டி, பின்னிட்டே" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"போன வருசமே பாத்திருக்கேம்லா. நீயும் தெரிஞ்சுதான் போட்டேன்னு நெனச்சேன். ரெண்டு பக்கமும் வெட்டுத மாதிரி இருந்துச்சு."

"எனக்குத் தெரியாதுலே. நான் வாதத்தைச் சொன்னேன். மன்னிப்புக் கேக்கப் போறேன்."

"வாயத் தெறக்காத. மன்னிப்புக் கேட்டா ஆளைத்தான் சொன்னோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். வெளிய அனுப்பிருவாவ."

நடுவர் லோகநாயகி அம்மையார் தென்காசியில் தமிழ்ப் பேராசிரியராக இருப்பவர். அவர் ஒலிவாங்கியை இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: "குறுக்குச்சொல் எறிந்தவர் எழுந்திருக்கட்டும். அந்தத் தொடருக்கு எழுவாய் எது?"

"வாதம்மா. வாதத்துக்கு ஒரு கால்தான் தெரியுதுன்னு சொன்னேன்."

"வாதம் என்ற சொல் உன் வாயிலிருந்து வரவில்லையே."

"தோன்றா எழுவாய்ம்மா." தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விட்டாலும் தொடர் பிழையாகாது, கேட்பவரே அதை வருவித்துக்கொள்வார். இலக்கணப்படி அவள் சொன்னது சரி. சொன்ன மாத்திரத்தில், அது எவ்வளவு கேவலமான சாக்காக ஒலித்தது என்பதும் அவளுக்குக் கேட்டது.

நடுவர் அய்யாக்குட்டியின் பக்கம் திரும்பினார். "ஆள்தாக்கு என்று முறையிடுகிறீர்களா?"

"இல்லைம்மா. அவங்க வாதத்தைத்தான் கேட்டாங்க. நான் ரெண்டாவதைச் சொல்லாம விட்டது நெசம்." சபையின் பக்கம் திரும்பினார். "ஆனா சபை சிரிச்சது என்னப் பாத்து."

"அடுத்தவர் வரலாம்" என்றார் நடுவர்.

செண்பகவல்லி மேடை ஏறினாள். கையில் குறிப்புச் சீட்டு இருந்தது. முதல் வரி இப்படி இருந்தது: "இது நொண்டிச் சாக்கு." அதை விட்டு அடுத்ததற்குப் போனாள்: "இந்த வாதம் நிற்காது." அதற்கும் அடுத்தது: "தள்ளாடுகிறது." மறுப்புரைக்கென்று தமிழில் பழகிய சொற்களெல்லாம் கால் முளைத்தவையாக இருப்பதை அவள் அன்றுதான் அறிந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கால் குறுக்கே வந்தது.

எனவே சீட்டை மடித்துவிட்டு, "எதிரணி நண்பர் மிகச் சிறப்பாகப் பேசினார், அவருடைய அக்கறை பாராட்டுக்குரியது, அவருடைய உழைப்பும் பாராட்டுக்குரியது" என்று குழைந்தாள். அரங்கம் அமைதியாகக் கேட்டது. அந்த அமைதி அவளுக்குச் சற்று ஆறுதலாகவும் இருந்தது.

"இது மறுப்புரையா, நலம் விசாரிப்பா?"

எறிந்தவர் அய்யாக்குட்டி. உட்கார்ந்த இடத்திலிருந்தே, சிரிக்காமல்.

அரங்கம் மறுபடியும் வெடித்தது. அந்தச் சொல் அவளுடைய பேச்சைத்தான் தொட்டது, அவளைத் தொடவில்லை. எப்படி எறிய வேண்டுமோ அப்படி எறியப்பட்டது. கடுமையாகப் பேசினால் மீண்டும் காலைச் சொன்னதாகும். கனிவாகப் பேசினால் அதுவும் காலைச் சொன்னதாகவே ஆகிறது. மூன்றாவது வழி ஒன்று இருந்தால் அது அவர் சொன்ன கருத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

"எதிரணியின் வாதம் இது" என்று தொடங்கினாள். "கூட்டத்தை ஆண்டு முழுவதும் பரப்பினால் வியாபாரம் பரவும் என்பது. கூட்டத்தைப் பரப்பலாம். சாரலைப் பரப்ப முடியுமா? ஐந்தருவியில் தண்ணீரே விழாத மாசியில் வரச் சொல்லி யாருக்கு அனுமதிச் சீட்டுக் கொடுப்பது? இந்த வாதம் கடைக்காரருக்கு ஆண்டு முழுவதும் அடுப்பைக் கொடுக்கிறது; வாடிக்கையாளரை மூன்று மாதத்துக்குத்தான் கொடுக்கிறது."

அய்யாக்குட்டி தலையை அசைத்து எதையோ குறித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அவள் எதிரணியைத் தாக்கியும் அரங்கம் சிரிக்காதது அதுவே முதல் முறை.

முடிவைச் சொல்லும்போது நடுவர் சுருக்கமாகப் பேசினார். "ஆள்தாக்கு நடக்கவில்லை, எனவே அணியை விலக்கவில்லை. ஆனால் எழுவாயைச் சொல்லாமல் எறிந்தால் சபை தனக்கு விருப்பமான எழுவாயை வைத்துக்கொள்ளும். அதற்கு எறிந்தவரே பொறுப்பு. அதற்கான மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன்." கோப்பை ஒட்டிய அணிக்குப் போனது.

வெளியே வந்ததும் செண்பகவல்லி அவரைத் தேடிப் போனாள். தாழ்வாரத்தின் ஓரத்தில் தூணில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் உள்ள வரும்போது நீங்க பேச ஆரம்பிச்சிட்டீங்க. எனக்கு..."

"தெரியும். தெரியாமத்தான் சொன்னீங்க."

"அதுக்கில்ல. நான் மன்..."

"வேண்டாம்." குவளையைத் தூணடியில் வைத்தார். "நீங்க கேட்டா நான் பரவாயில்லன்னு சொல்லணும். இன்னைக்குச் சொல்ல மனசு வரல. சொல்லாட்டா, கேட்டும் மன்னிக்கலையேம்பாங்க. அந்த எடத்துல என்னக் கொண்டு நிறுத்தாதீங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

தென்காசிப் பேருந்தில் ஈரத் துண்டும் எண்ணெய் வாடையுமாகக் குளித்துவிட்டு வந்த கூட்டம். அவள் சன்னலோரம் நெருக்குண்டு உட்கார்ந்திருந்தாள், எழவும் இடமில்லை. முன்னிருக்கையிலிருந்து அவளுடைய கல்லூரிக்காரர் யாரோ அரங்கத்தில் எடுத்த காணொளியைப் போட்டுக் கைப்பேசியை உயர்த்தினார்கள். அவளுடைய குரல் வந்தது, சிரிப்பு வந்தது, பிறகு ஊன்றுகோலுடன் அவர் இறங்குவது. இடையில் அவர் பேசியதை வெட்டி எறிந்திருந்தார்கள்.

"ஏலே, இன்னொரு தடவ போடு" என்றான் குமரகுரு.

"அதை அழிங்கலே" என்றாள்.

"ஏன்ட்டி? உன்னப் பெருமையாத்தான பேசுதோம்."

"அது பெருமையில்ல. அசிங்கம்."

அதையும் ஒரு குறுக்குச்சொல்லாக எடுத்துக்கொண்டு பின்னிருக்கை வரை கைதட்டினார்கள்.

"பாத்தியளா, இதுக்கும் ஒண்ணு வச்சிருக்கா!"