ஏற்றிய பத்தும் இறக்கிய பத்தும்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். பந்தல்குடி சாலையில் ஒரு நூல் மில்லில் சம்பளப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது கலெக்டராகிவிட்ட நினைப்புத்தான் எனக்கு. இருபது வயது என்றாலும் உள்ளுக்குள் சிறுபிள்ளைதான். என் அத்தையும் அதே மில்லில் கோன் சுற்றும் பகுதியில் இருந்தாள். சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை.

நான் சேர்ந்த மறுமாதம், ஒரு வருடம் முடித்தவர்களுக்கு மட்டும் பத்து சதவீதச் சம்பள உயர்வு வந்தது. எங்கள் மேனேஜர் அவசரத்தில் கம்ப்யூட்டரில் எல்லோருக்குமே ஏற்றிவிட்டார். தவறு தெரிந்ததும் புதியவர்களை மட்டும் பிரித்து, அதே பத்து சதவீதத்தைக் குறைத்தார். பட்டியலை என்னிடம் தந்து மூன்று மணிக்குள் பேங்குக்கு அனுப்பச் சொன்னார்.

புதியவர்கள் வரிசையில் பி.எஃப். பிடித்தம் 1,188 என்று நின்றது. புதியவர்களுக்குச் சம்பளம் பத்தாயிரம்; அதற்குப் பன்னிரண்டு சதவீதம் ஆயிரத்து இருநூறு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒருநாள்கூட லீவு போடாத அத்தைக்கும் 1,188. சம்பளக் கட்டத்தைப் பார்த்தேன். 9,900.

"சார், புதுசா வந்தவுகளுக்கு நூறு ரூவா குறையுது."

"பத்து ஏத்துனேன், பத்து இறக்குனேன். நூறு ரூவாய காக்கா தூக்கிட்டுப் போச்சாக்கும்?"

"ஏத்துனது பத்தாயிரத்துல பத்து சதவீதம் சார், ஆயிரம். இறக்குனது பதினோராயிரத்துல. அது ஆயிரத்து நூறு."

கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். "நேத்து வந்த பிள்ள..." என்று ஆரம்பித்தவர் சிரித்துவிட்டார். "சரித்தா, இப்ப என்ன செய்யலாங்கிற?"

ஏறிய தொகையை 1.10 ஆல் வகுத்தால் பழைய சம்பளம் வந்துவிடும். ஆனால் பைசாவை ரூபாயாக முழுமையாக்கிய இடங்களில் ஒரு ரூபாய் இடிக்கும். அதனால் போன மாதச் சம்பள விகிதத்தையே எடுத்துப் போட்டு, இந்த மாத வேலைநாட்களைச் சேர்த்து, பிடித்தங்களை மீண்டும் கணக்கிட்டேன். 1,200 வந்து உட்கார்ந்தது. மூன்று மணிக்கு முன்பே பட்டியல் பேங்குக்குப் போய்விட்டது.

மறுநாள் மாலை மில் பஸ்ஸில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் போனில் சம்பளச் செய்தி வந்தது.

"அதே சம்பளந்தானா? ஆபீசுல மருமக உக்காந்திருக்கா, ஒத்த ரூவா ஏறல. படிச்சு என்னத்தடி கிழிச்ச?"

பஸ்ஸே சிரித்தது. நான் விடவில்லை. ஏற்றியது, இறக்கியது, காணாமல்போன நூறு எல்லாவற்றையும் விரல்விட்டு விளக்கினேன்.

"குறையாம வந்தாத்தான அது சம்பளம்? அதுக்கு ஒனக்கு மாலையா போடுவாக?" என்றாள் அத்தை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, அடுத்த நிறுத்தம் வருமுன் தூங்கிப்போனாள்.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு பாராட்டுக்கூட இல்லையே என்று ஊர் வரும்வரை குமைந்தேன். சம்பளத்தைப் பற்றி மறுயோசனை இல்லாமல் அவள் அப்படித் தூங்கியதுதான் நான் பார்த்த வேலை என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.