நாற்பத்து நான்கு என்று தட்டச்சடித்த விண்ணப்பம்

வேலை பார்த்த தேயிலை எஸ்டேட் கைமாறி, புதியவர்கள் எங்களை அனுப்பிவிட்டபோது எனக்கு வயது ஐம்பத்து மூன்று. மாதக் கடைசிக்குள் எஸ்டேட் வீட்டையும் விட வேண்டும். தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஃபாக்டரியில், இலையைப் பதப்படுத்துவதைக் கவனிக்கும் உதவி டீமேக்கர் வேலை காலி என்று அங்கே ஹெட்கிளார்க்காக இருந்த என் நண்பர் சொல்லி அனுப்பினார். விண்ணப்பத்தையும் அவரே அடித்துவிட்டார். வயது: நாற்பத்து நான்கு. ஐம்பது தாண்டினால் மானேஜர் துரை காகிதத்தையே தொடமாட்டார் என்றார். எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ, கையெழுத்துப் போட்டேன். நரைத்த மீசைக்கு மை வேறு பூசிக்கொண்டேன்.

பேட்டிக்குப் போன அன்று துரையின் மேஜைக்கு ஒரு பக்கம் நண்பர், மறுபக்கம் டீமேக்கர். டீமேக்கருக்கு முப்பது வயதுதான் இருக்கும். வேலை கிடைத்தால் அவருக்குக் கீழேதான் நான். துரை என் சர்வீஸ் சர்ட்டிபிகேட்டையும் விண்ணப்பத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முப்பது வருஷ சர்வீஸ். அப்படியானால் பதினாலு வயதில் சேர்ந்தவனா என்று கேட்டார்.

தலையாட்டினால் போதும். எஸ்டேட்டில் அந்த வயதில் வேலைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். நண்பரும் கண்ணால் கெஞ்சினார். துரையோ, அப்படியென்றால் முதல் சில வருஷம் கொழுந்துக் கூடை தூக்கிய பையன், அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று பென்சிலால் அடிக்கப் போனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் முதல் நாளே ஃபாக்டரியில் ஏறியவன்.

"அடிக்காதீங்க துரை. வயசு ஐம்பத்து மூணு. பொய்யா எழுதினதுல கையெழுத்துப் போட்டது என் தப்பு."

நண்பருக்கு முகம் வெளுத்துவிட்டது. துரை விண்ணப்பத்தை என் பக்கம் தள்ளி, சரியானதை எழுதச் சொன்னார். வயதைத் திருத்திவிட்டுக் கீழே தமிழில் எழுதினேன்: 'முப்பது மழைக்காலம் இலை வாட்டியிருக்கிறேன். வெயிலே இல்லாத நாளிலும் இலையைக் கையில் பிடித்துப் பதம் சொல்வேன். வயதில் இளையவருக்குக் கீழே வேலை செய்யச் சம்மதம்.'

நண்பர் அதைத் துரைக்கு இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார். டீமேக்கர் என்னைப் பார்த்து, "நான் ஒண்ணு சொல்லி நீங்க ஒண்ணு நினைச்சா?" என்றார்.

"நினைச்சதை ஒரு தடவை சொல்லிருவேன். அப்புறம் நீங்க சொன்னதுதான்."

அவர் எழுந்துபோய் ஃபாக்டரி மாடியில் வாடிக்கொண்டிருந்த இலையில் ஒரு பிடி கொண்டுவந்தார். அமுக்கிப் பார்த்தேன். கையை விரித்ததும் இலை துள்ளிப் பிரிந்தது. சரியாக வாட இன்னும் மூன்று மணி நேரமாவது ஆகும் என்றேன். டீமேக்கர் சிரிக்கவில்லை. இப்போதே உருட்டும் மெஷினில் போடலாம் என்றிருந்தாராம், அதைத் துரையிடம் அவரே சொன்னார். பெரிய மனசு வேண்டும் அதற்கு.

மழைக்காலம் முடியும்வரை பார்ப்போம் என்று துரை கையெழுத்துப் போட்டார். எஸ்டேட் வீட்டுச் சாவியை நண்பர்தான் எடுத்துத் தந்தார், என் முகத்தைப் பார்க்காமல்.

"உம்ம நல்லதுக்குத்தானேய்யா செஞ்சேன்" என்றார்.

தெரியும் என்றேன். சாவியை வாங்கிய பிறகுதான், மை வேர்வையில் மீசையிலிருந்து வழிந்து சட்டைக் காலர் வரை வந்திருந்ததைப் பார்த்தேன்.