ஜேசிபி உறங்கிய இடம்

முதலியார்பேட்டையில் கட்டட ஒப்பந்தக்காரர் ராஜாங்கத்தின் ஆபீசில், மேனகாவின் கணக்கில் தப்பே வராது என்பார்கள். அவளும் அதை நம்பினாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஆலை மூடி வேலை போன அப்பாவுக்கு மூத்த மகள் அவள். பன்னிரண்டு வருஷம் அந்த நாற்காலியைத் தேய்த்துத்தான் தங்கையைக் கட்டிக்கொடுத்தாள்.

2008இல் ராஜாங்கத்துக்கு இரண்டு சைட்டுகள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனி ஷெட். அதற்குப் பொறுப்பு சூப்பர்வைசர் பக்கிரி. அதிலிருந்து சில மைல் தள்ளி மேட்டுப்பாளையத்தில் ஒரு குடோன். அதை ராஜாங்கத்தின் மச்சான் சுப்பிரமணியன் பார்த்துக்கொண்டான். அந்த வருஷம் கம்பி விலை தாறுமாறாக ஏறியது. சேதராப்பட்டு ஒப்பந்தத்தில் மட்டும் விலையேற்ற ஷரத்து இருந்தது. டன் முப்பத்திரண்டாயிரம் என்பது அடிப்படை விலை. ஐந்து சதவீதம் வரை ஏறினால் ராஜாங்கம் தாங்க வேண்டும். அதைத் தாண்டியதைக் கம்பெனி தரும், அதுவும் ஒத்துக்கொண்ட நாற்பது டன்னுக்கு மட்டும். கம்பி சராசரியாக நாற்பத்து நாலாயிரத்துக்கு வந்தது. டன்னுக்குப் பத்தாயிரத்து நானூறு வீதம் நாலு லட்சத்துப் பதினாறாயிரம் மேனகா எழுதி அனுப்பினாள். கம்பெனி மறுபேச்சில்லாமல் கொடுத்தது.

அப்படியும் சேதராப்பட்டு அறுபதாயிரம் நஷ்டம் காட்டியது. ஷரத்தே இல்லாத மேட்டுப்பாளையமோ முப்பதாயிரம் லாபம்.

“வெல ஏறினதுக்குக் காசு வந்தும் நஷ்டம்னா என்னா அர்த்தம்?” என்று ராஜாங்கம் குதித்தார். “நாப்பது டன்னு போவ வேண்டிய எடத்துல நாப்பத்தொண்ணு போயிருக்கு. கம்பிக்குக் கால் மொளச்சிதா?”

“வெட்டுறதுல வீணாவறது எப்பவும் உள்ளதுதான் மொதலாளி” என்றார் பக்கிரி. பதினெட்டு வருஷம் உழைத்த மனுஷன். அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். கம்பித் திருடன் என்ற பேர் ஊரிலிருந்த ஒப்பந்தக்காரர் எல்லோர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒரு மாதம் கழித்து, இரண்டு சைட்டுக்கும் பொதுவான ஜேசிபியின் டிரைவர் அம்மாவாசை தினப்படிக்காசு பாக்கி கேட்டு வந்தான். அவன் நீட்டிய நோட்டில் பாக்கி நாட்களுக்கெல்லாம் மேட்டுப்பாளையம், மேட்டுப்பாளையம் என்றே எழுதியிருந்தது.

“வண்டி சேதராப்பட்டுலதான இருந்தது?” என்றாள் மேனகா.

“மொத மூணு மாசம் அங்க ஓடுச்சு. அப்புறம் ராத்திரி மட்டுந்தாங்க்கா. அங்கதான வாட்ச்மேன் இருக்கான்? டீசல் திருடு போவாதேன்னு நிறுத்துவேன். காலையில ஆறு மணிக்கெல்லாம் மேட்டுப்பாளையம் போயிடுவேன்.”

மேனகா பழைய பேரேட்டை எடுத்துப் புரட்டினாள்.

ஜேசிபி பதினெட்டு லட்சம். ஓய்ந்தபின் மூன்று லட்சத்துக்கு விலைபோகும். மிச்சம் பதினைந்து லட்சத்தை அது உழைக்கக்கூடிய ஆயிரத்து ஐந்நூறு நாளுக்குப் பங்கிட்டால், நாளுக்கு ஆயிரம் ரூபாய் தேய்மானம். எந்த சைட்டில் உழைத்ததோ அந்த சைட்டின் தலையில் அது விழ வேண்டும். நாள் கணக்குக்கு அவள் நம்பியது சேதராப்பட்டு வாட்ச்மேனின் இரவுப் பதிவேட்டை. இருநூற்று நாற்பது நாளையும் பக்கிரியின் சைட்டில் ஏற்றிவிட்டாள். உண்மையில் வண்டி அங்கே ஓடியது தொண்ணூறு நாள்தான், மிச்ச நூற்றைம்பது நாளும் மேட்டுப்பாளையத்தில்.

ஒன்றரை லட்சத்தை இடம் மாற்றினாள். சேதராப்பட்டு தொண்ணூறாயிரம் லாபத்தில் நின்றது. மேட்டுப்பாளையம் ஒரு லட்சத்து இருபதாயிரம் நஷ்டத்தில் விழுந்தது. கம்பி விலை தின்றது அந்த சைட்டைத்தான்.

ராஜாங்கம் தாளைப் பார்த்தார். மச்சான் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“ரெண்டையும் சேத்தா முன்ன வந்த அதே முப்பதாயிரம் நஷ்டந்தான வருது? அப்புறம் எதுக்கு நோண்டுற?”

“மொத்தம் மாறல சார். ஆனா பக்கிரி அண்ணன திருடன்னு சொல்லிட்டோமே.”

“சொன்னத திரும்ப முழுங்க முடியுமா? போயி வேலையப் பாரு.”

வேலை போய்விடும் என்று அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று மாலையே கடிதம் எழுதினாள்: நஷ்டம் பக்கிரியால் வந்ததல்ல, தேய்மான நாட்களை நான் தப்பாக ஏற்றினேன். கீழே அவள் கையெழுத்து மட்டும். எல்லா ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு பிரதி போட்டாள். மறுநாள் ஆபீஸ் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார் ராஜாங்கம். வைத்துவிட்டு வந்தாள்.

பக்கிரி ஒரு கடையில் சிமெண்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று வயசில். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, “என் தப்புதாண்ணே” என்று அழுதாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“பன்னெண்டு வருசமா தெனம் என்கிட்ட சிமெண்டு கணக்கு கேப்பியேம்மா. வண்டி இன்னிக்கி எங்க ஓடுச்சுன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”

திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவர் அடுத்த மூட்டைக்குத் தோளைக் கொடுத்தார்.